அக்கரைக் கோபுரத்தில் காணாமல் போன 12 மீட்டர்

ஒரு பெரிய ஏரி. அதன் அக்கரையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த ஒளிபரப்புக் கோபுரம். இக்கரையிலிருந்து அதற்கு 21.4 கிலோமீட்டர். நண்பர் ஒருவர் 400 மில்லிமீட்டர் லென்ஸில் அதைப் படம் எடுத்து, படத்தில் கோபுரம் எத்தனை பிக்சல் உயரம் என்று எண்ணி, தூரத்தால் பெருக்கி, 153 மீட்டர் என்று கணக்கிட்டார். கோபுரத்தின் அடியில் இருக்கும் அறிவிப்புப் பலகையிலோ 165 மீட்டர் என்று இருக்கிறது. கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டாலும் 153தான் வருகிறது. மீதி 12 மீட்டர் எங்கே போனது என்பதுதான் கேள்வி.

அவருடைய பெருக்கலில் தப்பில்லை, முறையும் சரியான முறைதான். ஆனால் அந்த முறைக்குள் போன எண்களில் ஒன்று லேசாகப் பிசகியிருந்தது. இன்னொன்று கணக்கிலேயே இல்லை.

முதலில் அவர் போட்ட கணக்கு

ஒரு பொருள் கண்ணில் எவ்வளவு கோணம் பிடிக்கிறது என்பதும், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்தால் அதன் உயரம் கிடைத்துவிடும். கோணத்தை ரேடியனில் எழுதினால் உயரம் என்பது கோணம் பெருக்கல் தூரம், அவ்வளவுதான். சிறிய கோணங்களை விகலையில் சொல்வது வசதி. ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. ஒரு ரேடியனுக்கு 206265 விகலை.

நண்பரின் கேமரா சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 3.92 மைக்ரான். லென்ஸின் குவியத் தூரம் 400 மில்லிமீட்டர். இரண்டையும் வகுத்தால் ஒரு பிக்சல் 2.02 விகலையைக் காட்டுகிறது. தொடுவானக் கோட்டிலிருந்து கோபுரத்தின் உச்சிவரை 731 பிக்சல்.

```
731 × 2.02 = 1477 விகலை
1477 / 206265 = 0.00716 ரேடியன்
0.00716 × 21400 = 153 மீ
```

"tan போட வேண்டாமா?" என்று உடனே ஒரு சந்தேகம் வரும். இங்கே கோணம் அரை டிகிரிகூட இல்லை. tan போட்டாலும் போடாவிட்டாலும் விடையில் சில மில்லிமீட்டர்தான் மாறும். கோணம் 10 டிகிரியைத் தொடும்போதுதான் வித்தியாசம் 1 சதவீதம் ஆகிறது. பூமி உருண்டை என்பதால் அக்கரைக் கோபுரம் நம்மிடமிருந்து பின்பக்கம் சாய்ந்து நிற்குமே, அதனால் குட்டையாகத் தெரியாதா என்றும் சிலர் கேட்பார்கள். சாய்வது உண்மைதான், ஆனால் இந்தத் தூரத்தில் 0.2 டிகிரிக்கும் குறைவு. அதனால் குறைகிற உயரம் ஒரு மில்லிமீட்டர் அளவு. இந்த இரண்டையும் விட்டுவிடலாம்.

தூரத்தில் பிழை இருக்குமோ? வரைபடத்தில் கேமரா நின்ற இடத்தையும் கோபுரத்தின் நட்டநடுவையும் குறித்து அளந்த தூரம் இது. அக்கரையின் நீர் விளிம்புவரை அளந்துவிட்டு கோபுரம் உள்ளே தள்ளி நிற்பதை மறப்பது வழக்கமாக நடக்கும் பிழை. இங்கே அப்படி நடக்கவில்லை. அப்படியே 100 மீட்டர் தவறியிருந்தாலும் கோணத்திலிருந்து வரும் உயரம் 0.7 மீட்டர்தான் மாறும். 12 மீட்டருக்கு அது போதாது.

லென்ஸில் எழுதியிருக்கும் 400

லென்ஸின் மேல் அச்சிட்ட குவியத் தூரம் தோராயமான எண். விற்பனைக்கு வரும் லென்ஸ்களில் அது ஒன்றிரண்டு சதவீதம் முன்பின் இருப்பது சகஜம். ஜூம் லென்ஸ் என்றால் இன்னும் கூடுதலாகவே இருக்கலாம். அந்தச் சதவீதம் அப்படியே உயரத்தில் போய் உட்காரும். ஆகவே உண்மையில் ஒரு பிக்சல் எத்தனை விகலை என்பதை, கோணம் நன்றாகத் தெரிந்த ஏதாவது ஒன்றைப் படம் எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதற்குச் செலவில்லாமல் கிடைப்பது நிலா. கோபுரத்தைப் போலவே நிலாவும் லென்ஸுக்கு முடிவிலியில் இருப்பதால் ஃபோகஸ் மாறுவதால் வரும் பிழை கிடையாது. அதே லென்ஸ், அதே ஜூம் நிலை, வெட்டாத, சுருக்காத மூலப் படம். நண்பர் எடுத்த நிலாப் படத்தில் விட்டம் 921 பிக்சல். முழுநிலாவாக இருக்க வேண்டியதில்லை. பிறையானாலும் இரண்டு கொம்பு நுனிகளுக்கு இடையிலான தூரம் முழு விட்டம்தான்.

நிலாவின் கோண விட்டம் எப்போதும் ஒரே அளவு இல்லை. அது பூமிக்கு அருகில் வருவதையும் விலகுவதையும் பொறுத்துச் சுமார் 29.4 கலையிலிருந்து 33.5 கலைவரை மாறும் (ஒரு கலைக்கு 60 விகலை). ஆகவே படம் எடுத்த நாளுக்கும் நேரத்துக்கும் உரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. வானியல் அட்டவணைகள் பல, பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் தெரியும் விட்டத்தைக் கொடுக்கின்றன. நாம் நிற்பதோ பூமியின் மேற்பரப்பில். நிலா உச்சிக்கு ஏறியிருக்கும்போது நாம் அதற்குக் கிட்டத்தட்ட ஒரு பூமி ஆரம் அருகில் இருக்கிறோம். அது நிலாவின் தூரத்தில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. அந்த இரவில் நிலா 60 டிகிரி உயரத்தில் இருந்தது. மையத்திலிருந்து 31.15 கலை என்றால் நம் இடத்திலிருந்து 31.6 கலை. இந்தத் திருத்தத்தை விட்டால் 1.4 சதவீதம், அதாவது கோபுரத்தில் 2 மீட்டருக்கு மேல் தவறிவிடும்.

தொடுவானத்தை ஒட்டி நிற்கும் நிலாவை இதற்கு எடுக்கக் கூடாது. காற்றின் ஒளிவிலகல் அதன் கீழ் விளிம்பை மேல் விளிம்பைவிட அதிகமாகத் தூக்கிவிடுவதால் வட்டம் மேலும் கீழுமாக நசுங்கியிருக்கும்.

சரி, 31.6 கலை என்பது 1896 விகலை. அதை 921-ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் 2.059 விகலை. அப்படியென்றால் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் ஏறக்குறைய 393 மில்லிமீட்டர். இதே 731 பிக்சல் இப்போது 1505 விகலை, உயரம் 156 மீட்டர். மூன்று மீட்டர் திரும்பி வந்துவிட்டது.

நீருக்கு அடியில் போன பகுதி

மிச்சத்துக்குக் காரணம் பூமியின் வளைவு. நண்பர் எண்ணத் தொடங்கியது கோபுரத்தின் அடியிலிருந்து அல்ல, நீர் முடிகிற கோட்டிலிருந்து. கேமரா லென்ஸ் நீர்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்தது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நீரின் தொடுவானம் 7 கிலோமீட்டர் சொச்சத்திலேயே முடிந்துவிடும். கோபுரம் அதற்கும் அப்பால் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டரில் நிற்கிறது. அந்த 14 கிலோமீட்டரில் நீர்ப்பரப்பு பார்வைக்கோட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. கோபுரத்தின் அடிப்பகுதியும் அதோடு சேர்ந்து மறைகிறது.

எவ்வளவு மறைகிறது என்பதற்குச் சின்ன சூத்திரம் ஒன்று போதும். `D` கோபுரத்தின் தூரம், `h` கண் அல்லது லென்ஸின் உயரம், `R` பூமியின் ஆரம் 6371 கிலோமீட்டர்.

```
தொடுவானத் தூரம் = √(2 R h)
மறைந்த உயரம்    = (D − தொடுவானத் தூரம்)² / (2 R)
```

இப்படியே போட்டால் தொடுவானம் 7.14 கிலோமீட்டர், மறைந்த உயரம் 16 மீட்டர். ஆனால் ஒளி காற்றில் நேர்கோட்டில் போவதில்லை. கீழே அடர்ந்த காற்று, மேலே மெல்லிய காற்று என்பதால் ஒளிக்கதிர் பூமியின் வளைவை ஒட்டியபடி லேசாகக் கீழ்நோக்கி வளைந்து வரும். அதனால் வளைவுக்குப் பின்னால் இருப்பதில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். நில அளவைக்காரர்கள் இதை `k` என்ற ஒரே எண்ணில் அடக்குவார்கள். கதிரின் வளைவு பூமியின் வளைவில் எத்தனை பங்கு என்பதே `k`. பகல் நேரத்துக்கு வழக்கமாக 0.13 எடுப்பார்கள். கணக்கில் இதைச் சேர்ப்பது எளிது. `R` இருக்கும் இடத்தில் `R/(1 − k)` போட்டால் போதும். 0.13-க்கு அது 7323 கிலோமீட்டர். அதாவது பூமி இன்னும் கொஞ்சம் பெரிய உருண்டை, ஒளி நேராகவே போகிறது என்று பாவித்துக்கொள்கிறோம்.

அப்படிப் போட்டால் தொடுவானம் 7.65 கிலோமீட்டர், மறைந்த உயரம் 12.9 மீட்டர். இதை 156.1-ஓடு கூட்டினால் 169. இது அக்கரை நீர்மட்டத்திலிருந்து உச்சிவரை உள்ள உயரம். கோபுரம் நிற்கும் தரை நீர்மட்டத்தைவிட 6 மீட்டர் மேடு. அதைக் கழித்தால் 163 மீட்டர்.

பலகையில் உள்ள எண்ணுக்கு இன்னும் 2 மீட்டர் குறைகிறது. இந்த இடத்தில் பலரும் "கிட்டத்தட்ட வந்துவிட்டது" என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்தலாம், தப்பில்லை. ஆனால் அந்த 2 மீட்டர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் இந்த முறையின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று புரியும்.

எந்த எண்ணை நம்புவது

உச்சியையும் தொடுவானத்தையும் குறிப்பதில் இரண்டு பிக்சல் தவறினால் 0.4 மீட்டர். நிலாவை வைத்து எடுத்த அளவுகோலில் அரை சதவீதம் தவறினால் 0.8 மீட்டர். இவை பெரிய தொந்தரவு இல்லை. லென்ஸின் உயரம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இந்த அமைப்பில் அதில் 1 மீட்டர் தவறினால் மறைந்த உயரம் 1.8 மீட்டர் தவறும். தொடுவானம் எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தப் பெருக்கம் கூடும். ஆகவே தாழ்வான இடத்திலிருந்து படம் எடுப்பவர், நீர்மட்டத்திலிருந்து லென்ஸ்வரை டேப் பிடித்தே அளந்துவிட வேண்டும். கடலோரம் என்றால் படம் எடுத்த நேரத்து நீர்மட்டத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும், ஓதம் ஏறி இறங்குவதால். நண்பர் டேப் வைத்துத்தான் அளந்திருந்தார்.

மிஞ்சுவது `k`. இதுதான் பொல்லாதது. அது ஒரு மாறிலி மாதிரி புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது. உண்மையில் அது காற்றின் வெப்பநிலை உயரத்தோடு எப்படி மாறுகிறது என்பதைப் பொறுத்தது. மேலே போகப் போக ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.034 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைந்தால் கதிர் நேராகவே போகும், `k` பூஜ்யம். அதைவிட வேகமாகக் குறைந்தால் கதிர் மேல்நோக்கி வளையும், நீருக்கு மேலே கானல் தெரியும். தலைகீழாக, குளிர்ந்த நீருக்கு மேல் சூடான காற்று படிந்திருந்தால் `k` கிடுகிடுவென ஏறும். அப்போது வளைவுக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டியவைகூட மேலெழும்பித் தெரியும். நீர்ப்பரப்பை உரசியபடி வரும் கதிர், இந்த விளையாட்டெல்லாம் நடக்கும் அடுக்கின் வழியாகவே வருகிறது என்பதுதான் சிக்கல்.

நம் கோபுரத்துக்கு `k` 0.05 என்றால் மறைந்த உயரம் 14.8 மீட்டர். 0.20 என்றால் 11.3 மீட்டர். ஆக காற்றின் மனநிலையை மட்டும் வைத்தே மூன்றரை மீட்டர் ஏறி இறங்கும்.

எவரெஸ்டை அளந்தவர்களுக்கும் பெரிய தலைவலி இதுதான். 160 கிலோமீட்டருக்கும் அப்பால் சமவெளியில் நின்று தியோடலைட்டில் உச்சியின் கோணத்தை எடுத்து, 1856-ல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். அது ஏறக்குறைய 8840 மீட்டர். 2020-ல் அறிவித்த உயரம் 8848.86 மீட்டர். அவ்வளவு தூரத்திலிருந்து அளந்து 9 மீட்டர்தான் தள்ளிப்போனது என்பது எனக்கு இன்றும் வியப்பு. இரு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று அளந்தால் ஒளிவிலகல் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். உச்சியில் கருவியோடு ஆள் நிற்க முடியாத காலத்தில் அதற்கு வழியில்லை.

நம் கணக்கில் `k`-ஐ 0.05 என்று வைத்தால் உயரம் 164.9 ஆகி, பலகையோடு அழகாகப் பொருந்திவிடும். ஆனால் விடையைப் பார்த்துவிட்டு அதற்கு ஏற்ற `k`-ஐப் பொறுக்கி எடுப்பது அளவீடு ஆகாது. 170 மீட்டர் என்று பலகை சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு `k` கண்டுபிடித்திருக்கலாம். 0.05 சரிதானா என்பதைச் சொல்ல, பலகையைச் சாராத வேறு சாட்சி வேண்டும்.

பட்டைகள் சொல்லும் சாட்சி

சாட்சி படத்திலேயே இருந்தது. விமானங்களுக்குத் தடையாகக் கூடிய உயரமான கோபுரங்களுக்குப் பட்டை அடிக்க ஒரு சர்வதேச நெறி உண்டு. 210 மீட்டர்வரை உள்ள கோபுரத்தில் ஒரு பட்டையின் உயரம் மொத்த உயரத்தில் ஏழில் ஒரு பங்கு. ஆக ஏழு பட்டைகள், உச்சியிலும் அடியிலும் அடர்ந்த நிறம். நம் படத்தில் மேலிருந்து எண்ணினால் ஆறு பட்டைகள் முழுதாகத் தெரிகின்றன. ஏழாவது, சிவப்பு, பாதி நீருக்குள் போன மாதிரி குட்டையாக நிற்கிறது.

ஆறு முழுப் பட்டைகளும் சேர்ந்து 662 பிக்சல். அது 141.4 மீட்டர். ஒரு பட்டை 23.57 மீட்டர், ஏழு பட்டை 165 மீட்டர். இந்தக் கணக்கில் தொடுவானமும் இல்லை, லென்ஸ் உயரமும் இல்லை, `k`-யும் இல்லை. மறையாத பகுதியை மட்டும் அளந்து, மறைந்ததைப் பட்டையின் விகிதத்திலிருந்து எடுத்திருக்கிறோம்.

அப்புறம் இதையே திருப்பிப் போடலாம். ஏழாவது பட்டையில் தெரிவது 69 பிக்சல், அதாவது 14.7 மீட்டர். 23.57-ல் அது போக 8.8 மீட்டர் மறைந்திருக்கிறது. தரையின் 6 மீட்டர் மேட்டையும் சேர்த்தால் நீர்மட்டத்திலிருந்து 14.8 மீட்டர் மறைவு. அதற்கு உரிய `k` 0.05. பலகையைத் தொடாமலேயே வந்த எண் இது.

படம் எடுத்தது குளிர்ந்த இரவு கழிந்த விடியலில். அந்த நேரத்தில் நீர் காற்றைவிடச் சூடாக இருக்கும். கீழே சூடு, மேலே குளிர் என்பதால் வெப்பநிலை வேகமாகக் குறைந்து `k` சரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தொடுவானக் கோடு கூர்மையாக இல்லாமல் நெளிந்திருக்கிறது. சிவப்புப் பட்டையின் கீழ் ஓரம் கண்ணாடியில் பட்ட மாதிரி சில பிக்சலுக்குத் தலைகீழாக மடங்கித் தெரிகிறது. `k` குறைவு என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. இந்த மடிப்பு தெரிகிற படத்தில் 0.13 போட்டுக் கணக்கிடக் கூடாது.

பட்டையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. வர்ணம் அடிப்பவர்கள் இரும்புச் சட்டங்களின் இணைப்பைப் பார்த்துத்தான் பட்டையை முடிப்பார்கள், ஆகவே ஒன்று சற்று நீளம், ஒன்று சற்றுக் குட்டை என்று இருக்கும். ஆறின் சராசரியை எடுத்ததற்குக் காரணம் அதுதான். ஏழாவது பட்டை மட்டும் ஒரு மீட்டர் வேறுபட்டிருந்தால் விடையும் ஒரு மீட்டர் மாறும். பின்னாளில் உச்சியில் ஆன்டெனா கம்பம் ஏற்றியிருந்தால் அது பட்டைக் கணக்குக்குள் வராமல் போகலாம். பலகையில் உள்ள உயரம் அதையும் சேர்த்ததா என்றும் பார்க்க வேண்டும்.

பட்டை இல்லாத கோபுரத்துக்கு

எல்லாக் கோபுரத்திலும் பட்டை இருக்காது. அப்போது `k`-யோடு மல்லுக்கட்டுவதைவிட உயரமான இடத்துக்கு ஏறிவிடுவதே மேல். இதே தூரத்துக்குக் கணக்குப் போட்டால், `k` 0.13 என்றால் லென்ஸ் 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலே கோபுரத்தின் அடி தெரியத் தொடங்கும். 0.05 என்றால் பதினொன்றரை மீட்டர் வேண்டும். அடி தெரிந்துவிட்டால் அடிக்கும் உச்சிக்கும் இடையிலான கோணத்தை நேராக அளக்கலாம். தொடுவானம் எங்கே இருந்தால் நமக்கு என்ன? ஒளிவிலகல் அடியையும் உச்சியையும் ஏறக்குறைய ஒரே அளவு நகர்த்துவதால், மிஞ்சுவது அந்த நகர்வுகளின் சின்ன வித்தியாசம் மட்டுமே. அதையும் குறைக்க, கதிர் நீரை உரசாதபடி இன்னும் கொஞ்சம் மேலே போவது நல்லது.

நண்பர் இக்கரையில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து, நீர்மட்டத்துக்கு 15 மீட்டர் மேலிருந்து, மதியம் கழிந்து இன்னொரு படம் எடுத்தார். அதில் அடித்தளக் கான்கிரீட் தெரிகிறது. அடியிலிருந்து உச்சிவரை 771 பிக்சல், அதாவது 164.7 மீட்டர். வெயில் அலையாடியதில் அடிப்பக்கம் இரண்டு மூன்று பிக்சல் தெளிவில்லாமல் இருந்தது. அது அரை மீட்டர் சொச்சம். அளவுகோலின் அரை சதவீதப் பிழை அதைவிடப் பெரியது. எனவே இந்த லென்ஸையும் நிலாவையும் வைத்து, 165-க்கு ஒரு மீட்டர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்பதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது.